கடன் வாங்கறதுக்கு முன்னாடி 40 நாள் சோதனை: பிசினஸ் பிளான்ல எழுதற நம்பரை எப்படி நிரூபிக்கறது?



போன வீடியோவுல பிசினஸ் பிளான்ல என்னென்ன பக்கம் இருக்கணும்னு பார்த்தோம். அதுல விற்பனைக் கணிப்புன்னு ஒரு பக்கம் வரும். "மாதம் 100 சேலை விற்போம்"னு அங்க ஒரு வரி எழுதுவீங்க. அந்த 100 எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் எங்கிருந்தும் வரலை. கடன் தவணை கட்ட எவ்வளவு விக்கணுமோ அதை முதல்ல கண்டுபிடிச்சு, அதையே விக்கப்போற எண்ணிக்கையா எழுதிடறோம். தேவையை எழுதிட்டு அதுக்குக் கணிப்புன்னு பேர் வைக்கறோம், அவ்வளவுதான்.

பேப்பர்ல இது தப்பாத் தெரியாது. ஆனா தவணை போகப்போறது உங்க சம்பள அக்கவுண்ட்ல இருந்து. கணிப்பு பாதியாப் போச்சுன்னா, மீதியை மூணு வருஷம் உங்க சம்பளம்தான் கட்டும். அதனால அந்த ஒரு வரியைக் கடன் வாங்கறதுக்கு முன்னாடியே, சின்னச் செலவுல சோதிச்சுப் பார்க்கறது எப்படின்னு இன்னைக்கு ஒரு கணக்கை முழுசாப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைக்குத்தான் மினிமம் வயபிள் ப்ராடக்ட், சுருக்கமா எம்விபின்னு பேரு. முழு பிசினஸையும் கட்டாம, ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் போதுமான அளவு மட்டும் கட்டி, நிஜ வாடிக்கையாளர்கிட்ட நிஜக் காசுக்கு விற்றுப் பார்க்கறது. எரிக் ரீஸ் 2011-ல எழுதின 'தி லீன் ஸ்டார்ட்அப்' புத்தகத்துக்கு அப்புறம் இந்த வார்த்தை எல்லா இடத்துக்கும் பரவிச்சு. ஆனா பல பேர் அதுல பாதியை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. சின்னதா விற்றுப் பார்க்கறாங்க, ஆனா எவ்வளவு வித்தா ஜெயிச்ச மாதிரின்னு முன்னாடியே எழுதி வைக்கறதில்லை.

## 20 கடை, 100 பாக்கெட்

எல்லை வச்சு சோதிக்கறதுக்கு நமக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இட்லி மாவு. பெங்களூருவுல 2005-ல ஐடி ஃப்ரெஷ் ஃபுட் ஆரம்பிச்ச பி.சி. முஸ்தஃபா, தன் ஆரம்பக் கதையைப் பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அவரும் அவரோட மாமா, சித்தப்பா பசங்களும் சேர்ந்து, சுமார் 50 சதுர அடி இடத்துல மாவு அரைச்சாங்க. அதை 20 கடைக்கு மட்டும் போட்டாங்க. ஒரு நாளைக்கு 100 பாக்கெட் விற்பனை தொட்டா மட்டும்தான் அடுத்த கட்ட முதலீடு, அதுதான் பேச்சு. அந்த 100-ஐத் தொட சுமார் ஒன்பது மாசம் ஆச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, எல்லை முதல்லயே வந்துடுச்சு, முதலீடு அதுக்குப் பின்னாடிதான் வந்துச்சு. 60 பாக்கெட்ல நின்னிருந்தா, "60-ம் பரவாயில்லையே"ன்னு மனசைத் தேத்திக்கிட்டு மெஷின் வாங்கியிருக்க முடியாது. ஏன்னா 100-ங்கற எண் ஏற்கெனவே பேசி முடிச்சது.

இப்போ இதை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம்.

## சங்கரன்கோவில் சேலை: ஒரு மாதிரிக் கணக்கு

உங்க சொந்த ஊர் சங்கரன்கோவில்னு வச்சுக்குங்க. வேலை பார்க்கறது சென்னையில, இல்லை கோயம்புத்தூர்ல. ஊர்ல தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர் நீங்க. அங்க நெய்யற காட்டன் சேலையை ஆபீஸ் போற பெண்களுக்கு இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியா நேரடியா விற்கலாம்னு ஒரு யோசனை. சரக்கு வாங்க 3 லட்சம் கடன் எடுக்கலாம்னு இருக்கீங்க. முத்ரா திட்டத்துல 50,000-க்கு மேல 5 லட்சம் வரைக்கும் 'கிஷோர்' பிரிவு, அதுல இது வரும்.

கீழ வர்ற விலையெல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க நம்பரைப் போட்டுக்குங்க, முறை மாறாது.

ஒரு சேலையை 850 ரூபாய்க்கு விக்கறீங்க, கூரியர் சேர்த்து. வாங்கற விலை 520. தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் 70. கவர், ஸ்டிக்கர் 15. கையில நிக்கறது 245 ரூபாய். விளம்பரச் செலவை இன்னும் கழிக்கலை.

மாசச் செலவு ரெண்டு. 3 லட்சத்தை 12% வட்டியில 3 வருஷத்துக்கு எடுத்தா மாசத் தவணை சுமார் 9,964 ரூபாய். ஊர்ல பேக் பண்ணி கூரியர் ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுக்கறவங்களுக்கு 2,500. மொத்தம் கிட்டத்தட்ட 12,500. "அம்மாதானே பண்றாங்க, அதுக்கு எதுக்குக் காசு?"ன்னு இந்த 2,500-ஐ விட்டுடாதீங்க. அம்மா சும்மா பண்ணிக் குடுக்கற வேலையில நிக்கற பிசினஸ், அம்மாவுக்கு முட்டி வலின்னா நின்னுடும்.

இன்னொரு எல்லையும் இருக்கு. நீங்க வேலைக்குப் போறவங்க. சாயங்காலம் வந்து மெசேஜுக்குப் பதில் சொல்லி, பணம் வந்துச்சான்னு பார்த்து, அட்ரஸ் அனுப்பி முடிக்க, ஒரு நாளைக்கு நாலு ஆர்டர்தான் தாங்கும்னு வச்சுக்குவோம். மாசம் 25 நாள்னா 100 சேலை. இது உங்க உச்ச வரம்பு.

அப்போ 12,500-ஐ 100 சேலையில எடுக்கணும். ஒரு சேலைக்கு 125 ரூபாய் மிஞ்சியே ஆகணும்.

திரும்பி வர்ற சேலையையும் சேர்க்கணும். ஒரு சேலை திரும்பி வந்தா, வரவேண்டிய 245 வராது. அதோட அனுப்பின கூரியர் 70, திரும்ப வர்ற கூரியர் 70, கவர் 15, ஆக 155 கையை விட்டுப் போகும். மொத்தம் 400 ரூபாய் வித்தியாசம். 100-ல 5 திரும்பி வந்தா 2,000 ரூபாய், அதை 100 சேலைக்குப் பிரிச்சா ஒரு சேலைக்கு 20.

இப்போ கடைசிக் கணக்கு: 245-ல 20 போக 225. அதுல 125 மிஞ்சணும். அப்போ ஒரு ஆர்டரைக் கொண்டு வர விளம்பரத்துக்கு அதிகபட்சம் 100 ரூபாய்தான் செலவு பண்ணலாம்.

பார்த்தீங்களா? "மாதம் 100 சேலை"ங்கற ஒரு வரிக்குள்ள மூணு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. தொட்டுப் பார்க்காமலே முன்பின் தெரியாதவங்க 850 ரூபாய் அனுப்புவாங்க. ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 100-ஐத் தாண்டாது. 100-ல 5-க்கு மேல திரும்பி வராது. சோதிக்க வேண்டியது இந்த மூணைத்தான்.

## எல்லையை முதல்ல எழுதுங்க

சோதனைக்கு விளம்பரச் செலவு ஒரு நாளைக்கு 100 ரூபாய், 40 நாள், மொத்தம் 4,000. சேலையை மொத்தமா வாங்கி அடுக்க வேண்டாம். அமெரிக்காவுல 1999-ல நிக் ஸ்வின்மர்ன்ங்கறவர் ஆன்லைன்ல செருப்பு விக்க முடியுமான்னு பார்க்க, பக்கத்துக் கடையில இருந்த செருப்பை போட்டோ எடுத்துப் போட்டார். ஆர்டர் வந்த பிறகு அந்தக் கடையில போய் வாங்கி அனுப்பினார். அதுதான் பின்னாடி ஜாப்போஸ் ஆச்சு. நீங்களும் அதே மாதிரி, தெரிஞ்ச உற்பத்தியாளர்கிட்ட அனுமதி கேட்டு பத்து டிசைனை போட்டோ எடுங்க. பணம் வந்த பிறகு வாங்கி அனுப்புங்க. "ஆர்டர் வந்தா ரெண்டு நாள்ல அதே டிசைன் கிடைக்குமா?"ன்னு மட்டும் முன்னாடியே கேட்டு உறுதி பண்ணிக்குங்க. இல்லைன்னா சோதனை நடுவுல மன்னிப்பு மெசேஜ் அனுப்பிட்டு இருப்பீங்க.

விளம்பரம் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதை எழுதி, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வச்சுடுங்க. தேதியோட இருக்கும், அப்புறம் மாத்த முடியாது.

- 40 ஆர்டர், அதுக்கு மேல (ஆர்டருக்கு 100 ரூபாய்க்குள்ள): கடன் பத்திப் பேசலாம்.
- 26-ல இருந்து 39 வரை: ஒரே ஒரு விஷயத்தை மாத்தி, இன்னொரு 40 நாள்.
- 25, அதுக்குக் கீழ (ஆர்டருக்கு 160 ரூபாய், அதுக்கு மேல): இந்த வடிவத்துல நிறுத்தறோம்.
- திரும்பி வர்றது: 100-க்கு 5 வரை. அதைத் தாண்டினா கணக்கை மறுபடி போடணும்.

நிறுத்தற எல்லை ஏன் 25? ஆர்டருக்கு 160 போனா, 225-ல மிஞ்சறது 65. 12,500-ஐ 65-ஆல வகுத்தா மாசம் 193 சேலை. உங்களால முடியறது 100. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சின்னத் திருத்தத்துல மூடற இடைவெளி இல்லை அது. மனசுக்குத் தோணின உருண்டை எண்ணை எல்லையா வைக்காதீங்க. ஒவ்வொரு எல்லையும் இந்த மாதிரி உங்க கணக்குல இருந்து வரணும்.

நடுவுல ஒரு பட்டை ஏன்? ஜெயிச்சோம், தோத்தோம்னு ரெண்டே ரெண்டு வச்சா, 37 வந்தப்போ மனசு பேரம் பேச ஆரம்பிச்சுடும். நடுப் பட்டைக்கும் என்ன பண்ணணும்னு எழுதி வச்சுட்டா பேரத்துக்கு இடமில்லை.

## எதை எண்ணணும், எதை எண்ணக்கூடாது

முழுப் பணமும் முன்கூட்டியே யுபிஐ-ல வந்தா மட்டும்தான் அது ஆர்டர். "சூப்பரா இருக்கு, சம்பளம் வந்ததும் வாங்கறேன்"ங்கறது ஆர்டர் இல்லை. லைக், ஹார்ட் எதுவும் கணக்குல வராது. ஒருத்தர்கிட்ட "வாங்குவீங்களா?"ன்னு கேட்டா மரியாதைக்காகவாவது ஆமான்னு சொல்லுவாங்க. 850 ரூபாயை மரியாதைக்காக யாரும் அனுப்ப மாட்டாங்க.

தெரிஞ்சவங்க வாங்கினதைத் தனியா எழுதுங்க. சித்தி, ஸ்கூல் ஃப்ரெண்ட், டீம் லீட் இவங்க வாங்கறது உங்களுக்காக. எல்லோரும் ஒரு தடவை வாங்குவாங்க, அடுத்த மாசம் தீர்ந்துடும். பணம் வாங்கிக்குங்க, நன்றி சொல்லுங்க, ஆனா 40-ல சேர்க்காதீங்க.

காலமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தின மாசமோ, பொங்கலுக்கு முன்னாடியோ, ஆடித் தள்ளுபடி நேரத்துலயோ சோதிக்காதீங்க. ஊர்ல ஆடித்தபசுக் கூட்டத்தைப் பார்த்துட்டு "வருஷம் முழுக்க இப்படித்தான்"னு எந்தக் கடைக்காரரும் கணக்குப் போட மாட்டார். பண்டிகை இல்லாத மாசத்துல வர்ற நம்பர்தான் தவணை கட்டற நம்பர்.

ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, எங்கிருந்து வந்தாங்க, என்ன கேட்டாங்க, பணம் வந்துச்சா, தெரிஞ்சவங்களா, திரும்பி வந்துச்சா, ஏன். இந்த ஏழு கட்டம். தினமும் ராத்திரி அஞ்சு நிமிஷம். "என்ன கேட்டாங்க"ங்கற கட்டத்தைச் சோம்பேறித்தனத்துல விட்டுடாதீங்க, அது ஏன்னு இப்போ தெரியும்.

## முதல் 40 நாள்

இப்படி வந்துச்சுன்னு வச்சுக்குவோம். 262 பேர் மெசேஜ் பண்ணாங்க. 37 ஆர்டர். உடனே மனசு 4,000-ஐ 37-ஆல வகுக்கும்: 108 ரூபாய். "100-தானே எல்லை, எட்டு ரூபாய்தானே!"

ஆனா ஷீட்ல பார்த்தா, 37-ல 6 பேர் உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வந்த தெரிஞ்சவங்க. விளம்பரம் கொண்டு வந்தது 31. ஆர்டருக்கு 129 ரூபாய். நடுப் பட்டை. திரும்பி வந்தது 2.

எழுதி வச்சபடி, ஒரே ஒரு மாற்றம். எதை மாத்தறது? "என்ன கேட்டாங்க" கட்டத்தைப் பாருங்க. பாதிக்கும் மேல "விலை என்ன?"ன்னு மட்டும் கேட்டுட்டு, 850-னு சொன்னதும் காணாமப் போயிருக்காங்க. விளம்பரத்துல விலை போடலை. விலையைக் கேட்கறதுக்காகவே வந்த ஒவ்வொருத்தருக்கும் விளம்பரக் காசு போயிருக்கு. அதனால போட்டோ மேலயே 850 ரூபாய்னு போடறீங்க. வேற எதையும் மாத்தலை. டிசைன், விலை, ஊர் எல்லாம் அதேதான். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது.

ரெண்டாவது 40 நாள். 171 மெசேஜ்தான். ஆனா தெரிஞ்சவங்களை விட்டுட்டு 43 ஆர்டர். ஆர்டருக்கு 93 ரூபாய். 40-ஐத் தாண்டியாச்சு. திரும்பி வந்தது 3.

இங்கதான் பல பேர் கடன் விண்ணப்பத்தை எடுப்பாங்க. கொஞ்சம் பொறுங்க.

## ஜெயிச்ச நம்பரையும் தட்டிப் பாருங்க

முதல் தட்டு: திரும்பி வர்றது. ரெண்டு சுத்துலயும் சேர்த்து 74-ல 5. கிட்டத்தட்ட 100-க்கு 7. நம்ம எல்லை 5. இது தோத்திருக்கு. ஒரு எல்லை ஜெயிச்சதை வச்சு இன்னொண்ணை மறைக்கக்கூடாது. 7-ன்னா ஒரு சேலைக்கு 28 ரூபாய். 245-ல 28-ம், விளம்பரம் 93-ம் போக மிஞ்சறது 124. 12,500-ஐ 124-ஆல வகுத்தா 101 சேலை. உங்க உச்சம் 100. அதாவது உடம்பு சரியில்லாம ரெண்டு நாள் படுத்தா கூட, அந்த மாசத் தவணை உங்க சம்பளத்துல இருந்து போகும்.

ரெண்டாவது தட்டு: 43-ங்கறது சின்ன எண். அதே விளம்பரத்தை அதே மாதிரி இன்னொரு 40 நாள் ஓட்டினா சரியா 43 வராது. எவ்வளவு ஏறி இறங்கும்னு தோராயமாப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. எண்ணிக்கையோட வர்க்கமூலத்தை எடுத்து ரெண்டால பெருக்குங்க. 43-க்கு வர்க்கமூலம் ஆறரைக்குக் கொஞ்சம் மேல, ரெண்டால பெருக்கினா 13. அப்போ 30-ல இருந்து 56 வரை எது வந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது. 30 வந்தா ஆர்டருக்கு 133 ரூபாய் ஆயிடும்.

133-ல கணக்குப் போடுங்க. 245-ல 28, 133 போக மிஞ்சறது 84. 3 லட்சம் கடனுக்கு 12,500-ஐ 84-ஆல வகுத்தா 149 சேலை. முடியாது.

இப்போ கடனைப் பாதியாக்கிப் பாருங்க. 1.5 லட்சத்துக்குத் தவணை 4,982. பேக்கிங் 2,500 சேர்த்து சுமார் 7,500. நடு நிலையில, சேலைக்கு 124 மிஞ்சும்போது, 61 சேலை போதும். மோசமான நிலையில, 84 மிஞ்சும்போது, 90 சேலை. ரெண்டுமே உங்க 100-க்குள்ள நிக்குது!

சரக்குக்கு 1.5 லட்சம் பத்துமா? 520-க்கு வாங்கினா 288 சேலை. மாசம் 61-ன்னா நாலரை மாசத்துக்கு மேல வரும். 3 லட்சத்துக்கு வாங்கியிருந்தா ஒன்பது மாசச் சரக்கு அலமாரியில தூங்கும், நீங்க அதுக்கு வட்டி கட்டிட்டு இருப்பீங்க.

அதனால இந்தச் சோதனை குடுத்த பதில் "பண்ணலாமா, வேண்டாமா"ங்கறது மட்டும் இல்லை. எவ்வளவு கடன் தாங்கும்ங்கறதையும் சொல்லிடுச்சு. 3 லட்சம் தாங்காது, 1.5 லட்சம் தாங்கும். ஒண்ணு தெளிவா வச்சுக்குங்க: 61-ங்கறது லாபம் இல்லை, தவணை கட்டி நிக்கற இடம். 100 வித்தா மாசம் 4,900 மிஞ்சும். வேலையை விடற அளவுக்கான நம்பர் இது இல்லை.

## பிளான்ல எப்படி எழுதறது?

பழைய வரி: "மாதம் 100 சேலைகள் விற்பனையாகும் என எதிர்பார்க்கப்படுகிறது."

புது வரி: "40 நாட்கள் வீதம் இரண்டு கட்டமாக, பண்டிகை இல்லாத காலத்தில், முன்பணம் பெற்று மட்டும் விற்றுப் பார்த்தோம். இரண்டாம் கட்டத்தில் ரூ.4,000 விளம்பரச் செலவில் அறிமுகமில்லாத 43 பேர் ரூ.850 செலுத்தி வாங்கினர். ஆர்டருக்குச் செலவு ரூ.93. இரு கட்டங்களிலும் 74 விற்பனையில் 5 திரும்பி வந்தன. கடன் தவணைக்கு மாதம் 61 விற்பனை தேவை. விளம்பரச் செலவு ரூ.133 ஆனாலும் 90 போதும்."

இது கூட யுபிஐ வரவு தெரியற பேங்க் ஸ்டேட்மெண்ட், கூரியர் ரசீது, அந்தத் தேதி போட்ட மெயில் மூணையும் இணைச்சுடுங்க. முதல் கட்டம் 129 ரூபாய்ல நின்னதை மறைக்காதீங்க. தோத்த சுத்தும், அதுல இருந்து என்ன மாத்தினீங்கங்கறதும் இருந்தாத்தான் ரெண்டாவது சுத்தை நம்ப முடியும். இதைப் பார்த்து மேனேஜர் கேட்கற கேள்வியும் மாறும். "எப்படிங்க 100 விக்கும்?"னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது. "அஞ்சு ஏன் திரும்பி வந்துச்சு?"ன்னு கேட்டா பதில் இருக்கும்.

## இந்தச் சோதனை சொல்லாதது

43 ஆர்டர் 40 நாள்ல வந்துச்சுன்னா, மாசத்துக்கு சுமார் 32. உங்களுக்கு வேண்டியது 61. அதுக்கு விளம்பரத்தை ஒரு நாளைக்கு 100-ல இருந்து கிட்டத்தட்ட 190-க்கு ஏத்தணும். 190 போடும்போதும் ஆர்டருக்கு 93-தான் ஆகும்னு நீங்க சோதிக்கலை. செலவை ஏத்தினா, அவ்வளவா ஆர்வம் இல்லாதவங்களுக்கும் விளம்பரம் போகும், ஆர்டர் செலவு கூடலாம். அதனால கடன் விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு 20 நாள் 190 ரூபாய்ல ஓட்டிப் பாருங்க. இதுக்கும் எல்லையை முதல்ல எழுதுங்க. 3,800 ரூபாய்க்கு 29 ஆர்டர் வந்தா ஆர்டருக்கு 131. நம்ம மோசமான கணக்குக்கு உள்ளதான். அதுக்குக் கீழ போனா நில்லுங்க.

திரும்பி வர்றதுல அஞ்சே அஞ்சு சம்பவம்தான். அதை வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது. நிஜத்துல 100-க்கு 13 கூட இருக்கலாம். அதுவும் விளம்பரம் 133-ம் ஒரே நேரத்துல நடந்தா, 1.5 லட்சம் கடனுக்கே 125 சேலை வேணும். ரெண்டும் சேர்ந்து வர்ற வாய்ப்பு குறைவு, ஆனா இல்லாம இல்லை. அதனால திரும்பி வந்த அஞ்சு பேர்கிட்டயும் போன் பண்ணிக் கேளுங்க. "போட்டோவுல வேற கலரா இருந்துச்சு"ன்னு மூணு பேர் சொன்னா, பகல் வெளிச்சத்துல மறுபடி போட்டோ எடுத்தாலே அது குறையும்.

முன்பணம் வாங்கி விற்ற இந்த நம்பர், கேஷ் ஆன் டெலிவரிக்குப் பொருந்தாது. அங்க திரும்பி வர்ற கணக்கே வேற, தனியாத்தான் சோதிக்கணும். ஒருத்தர் மறுபடி வாங்குவாரான்னும் 80 நாள்ல தெரியாது. பிளான்ல அந்தக் கட்டத்துல பூஜ்யம் போடுங்க, வந்தா உபரி.

சோதனையை தமிழ்நாட்டுக்குள்ளயே வச்சுக்குங்க. வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றா பொதுவா ஜிஎஸ்டி பதிவு முதல்ல வேணும். அப்புறம் உங்க அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுத்து, வெளி வருமானம் பத்தி என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை படிங்க. சேலை விற்கப் போய் சம்பளத்துக்கே சிக்கல் வரக்கூடாது.

கடைசியா, சோதனைக்கு என்ன செலவாச்சுன்னு பார்ப்போம். விளம்பரம் 8,000. 74-ல திரும்பாத 69 சேலைக்கு 245 வீதம் 16,905 வந்துச்சு. திரும்பின 5-ல 775 போச்சு. விளம்பரமும் போக 8,130 ரூபாய் கையில நிக்குது. அதுல பேக் பண்ணிக் குடுத்தவங்களுக்கு மாசம் 2,500 வீதம் குடுத்தாலும் கைக்காசு போகலை. ஒருவேளை ஒரு ஆர்டர் கூட வரலைன்னா? முதல் சுத்தோட நிறுத்தியிருப்பீங்க, 4,000 போயிருக்கும். 3 லட்சம் கடனோட ஒரே ஒரு மாசத் தவணை 9,964.